கடினமான ஓர் ஆண்டுக்குப் பிறகு செவிலியர் தின மேடையில் நன்றி சொல்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

மே 12 நெருங்கும்போது ஒவ்வொரு மருத்துவமனையிலும் யாரோ ஒருவரிடம் இந்தப் பொறுப்பு வந்து சேரும்: "செவிலியர்களுக்கு நன்றி சொல்லி நீங்கள் பேசிவிடுங்கள்." சில நேரம் அவர் மருத்துவக் கண்காணிப்பாளர், சில நேரம் நிர்வாக அலுவலர். பேசுபவர் ஒருவர், எழுதிக் கொடுப்பவர் வேறொருவர் என்பதும் வழக்கம். எழுதிக் கொடுக்கும் இடத்தில் நான் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அதற்கு முன்பு வார்டுச் செவிலியராக அதே அரங்கின் பின்வரிசையில் அமர்ந்து இத்தகைய உரைகளைக் கேட்டிருக்கிறேன். இந்த வழிகாட்டியில் இருப்பதில் பாதி, பின்வரிசையில் கற்றது.

நிகழ்ச்சி முடிவில் வரும் சம்பிரதாய நன்றியுரையைப் பற்றி நான் இங்கே சொல்லவில்லை. நிர்வாகத்தின் சார்பில் ஒருவர் எழுந்து, ஓராண்டு உழைப்பைக் குறிப்பிட்டு நன்றி சொல்லும் முதன்மை உரையைப் பற்றியே எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக, தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு நடுத்தர மருத்துவமனைக்காக 2024 மே மாதம் எழுதிய உரையைக் கடைசிவரை எடுத்துச் செல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழைதான் அவர்களுடைய கடினமான ஆண்டின் மையம். ஆட்களின் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

1. எழுதுவதற்கு முன் நிகழ்ச்சி நிரலை வாங்குங்கள்

குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன் தொடங்குங்கள். முதல் நாள் இரவில் எழுதப்படும் உரையில் யாருடைய முகமும் இருக்காது. வார்டுகளுக்குப் போய்க் கேட்க அப்போது நேரம் இருக்காது என்பதே காரணம்.

நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்பதை முதலில் கேளுங்கள். அரங்கில் யார் இருப்பார்கள், எந்த நிலையில் இருப்பார்கள் என்பதை அந்த நேரம்தான் தீர்மானிக்கிறது. 2024இல் மே 12 ஞாயிற்றுக்கிழமை. அதனால் அந்த மருத்துவமனையில் விழாவை மறுநாள் திங்கட்கிழமை பிற்பகல் 2.15க்கு வைத்தார்கள். காலைப் பணி 2 மணிக்கு முடியும். ஆகவே எதிரே அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஆறு மணி நேரத்துக்கு மேல் நின்று வேலை செய்துவிட்டு, மதிய உணவை அவசரமாக முடித்துவிட்டு வந்தவர்கள். இரவுப் பணி முடித்தவர்கள் தூக்கத்தை விட்டு வந்திருப்பார்கள். மாலைப் பணியில் இருப்பவர்கள் வரவே முடியாது. இதை எழுதி மேசையில் வைத்துக்கொண்டுதான் உரையின் நீளத்தை முடிவு செய்தேன்: ஏழு நிமிடம். மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 சொற்கள் என்பது என் அனுபவக் கணக்கு. ஆக, 630 சொற்கள்.

அடுத்து, உரை எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, மெழுகுவர்த்தி ஏந்திய உறுதிமொழி, சிறப்பு விருந்தினர், கேக், பரிசுகள், கலை நிகழ்ச்சி என்று நிரல் ஓடும். நன்றி சொல்லும் உரையைப் பரிசுகளுக்குப் பிறகு வைத்தால், பாதிப் பேர் வார்டில் இருப்பவர்களை விடுவிக்க எழுந்து போயிருப்பார்கள். உறுதிமொழிக்கும் கேக்குக்கும் இடையே வைக்கச் சொல்லி ஏற்பாட்டாளரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

2. வார்டுகளுக்கு நேரில் போய்க் கேளுங்கள்

எல்லாரும் தவறவிடும் படி இதுதான். அலுவலக அறையில் இருந்து எழுதினால் "அயராத உழைப்பு" என்றுதான் வரும். அந்த உழைப்பு எந்த நாளில், எந்த வார்டில், எந்தக் கையால் நடந்தது என்பது வார்டில் மட்டுமே கிடைக்கும்.

பணிமாற்ற நேரத்தில் போகாதீர்கள். ஒருவர் அடுத்தவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும்போது குறுக்கே நிற்பது ஆபத்து. மருந்து கொடுக்கும் நேரமும் வேண்டாம். பிற்பகல் மூன்றரை மணிவாக்கிலும், இரவில் பதினொரு மணிக்குப் பிறகும் கொஞ்சம் மூச்சு விட முடியும். இரவு வார்டுக்குக் கட்டாயம் ஒரு முறையாவது போங்கள். நிர்வாகத்தினர் பகலில் மட்டுமே வார்டைப் பார்த்திருப்பதால், உரைகளில் இரவுப் பணி எப்போதும் விடுபட்டுப் போகிறது.

"உங்கள் சேவை அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டால், மேடையில் சொல்வதைப் போன்ற பதிலே வரும். நான் மூன்று கேள்விகளை மட்டும் கேட்பேன். இந்த ஆண்டில் வீட்டுக்குப் போன பிறகும் மனதை விட்டுப் போகாத பணிநாள் எது? அன்று உங்கள் கையில் எது இல்லாமல் போனது? அப்போது யார் வந்து உதவினார்கள்?

மூன்றாவது கேள்விக்குத்தான் அதிகப் பலன். தன்னைப் பற்றிப் பேசக் கூசுகிறவர்கள்கூடப் பக்கத்தில் நின்றவரைப் பற்றித் தயங்காமல் சொல்வார்கள். தூத்துக்குடி மாவட்ட மருத்துவமனையில் அப்படித்தான் அந்த இரவு எனக்குக் கிடைத்தது. தரைத்தளத்தில் தண்ணீர் ஏறியது. ஆண்கள் பொது வார்டில் இருந்த 22 நோயாளிகளை முதல் மாடிக்கு மாற்ற வேண்டியிருந்தது. மின்சாரம் இல்லை, லிப்ட் ஓடவில்லை. அவசரத்தில் கேஸ் ஷீட்டுகள் யாருடையது எது என்று கலைந்துபோகும் நிலை. அப்போது ஒரு செவிலியர் மைக்ரோபோர் பிளாஸ்டரைக் கிழித்து, ஒவ்வொரு நோயாளிக்கும் கடைசியாகப் போட்ட ஊசி என்ன, எத்தனை மணிக்கு என்று பேனாவால் எழுதி, அவர்களுடைய சட்டையிலேயே ஒட்டி அனுப்பினார். மாடியில் இருந்தவர்கள் அதைப் பார்த்து அடுத்த மருந்தைக் கொடுத்தார்கள். இதை எனக்குச் சொன்னது அவரில்லை, மாடியில் நின்று நோயாளிகளை வாங்கிக்கொண்டவர்.

கேட்டதை அப்படியே எழுதிவிடாமல் பணிப் பட்டியலோடும் வார்டு ரிப்போர்ட் புத்தகத்தோடும் ஒப்பிடுங்கள். பலர் என்னிடம் "நான்கு நாள் வீட்டுக்குப் போகவில்லை" என்றார்கள். பட்டியலைப் பார்த்தபோது, 17ஆம் தேதி இரவு 7.30க்குப் பணிக்கு வந்தவர்கள் 20ஆம் தேதி காலை 7.30க்கு விடுவிக்கப்பட்டிருந்தார்கள். 60 மணி நேரம். நினைவில் அது நான்கு நாளாக நீண்டிருந்தது இயல்பே. ஆனால் உரையில் 60 மணி நேரம் என்றே எழுதினேன். அரங்கில் இருக்கும் ஒருவர் "அவ்வளவு இல்லையே" என்று மனதுக்குள் திருத்தத் தொடங்கினால், அதற்குப் பிறகு சொல்வது எதுவும் அவரிடம் சேராது.

3. அனுமதி கேட்காமல் எதையும் மேடையேற்றாதீர்கள்

நோயாளியைப் பற்றிய விவரங்களை நீக்குங்கள். பெயர் மட்டுமல்ல, ஊர், படுக்கை எண், நோய், வயது ஆகியவையும் போக வேண்டும். சிறிய ஊர்களில் "ஏரலிலிருந்து வந்த பெரியவர்" என்றாலே யார் என்று தெரிந்துவிடும். சிறப்பு விருந்தினரும் உள்ளூர்ச் செய்தியாளரும் அரங்கில் இருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

செவிலியரிடமும் கேட்க வேண்டும். பிளாஸ்டர் ஒட்டியவர் தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார். "ஆண்கள் பொது வார்டில் அன்றிரவு இருந்த செவிலியர்" என்று சொன்னாலும் எல்லாருக்கும் தெரியும், அதற்குச் சம்மதமா என்று மறுபடி கேட்டேன். யோசித்துவிட்டு, "அன்றிரவு அங்கே இருவர் இருந்தோம், இருவரையும் சேர்த்துச் சொல்லுங்கள்" என்றார். அப்படியே எழுதினேன்.

அந்த ஆண்டில் செவிலியர் ஒருவர் தம் வீட்டில் யாரையாவது இழந்திருந்தால், அதை உரையில் சேர்ப்பதற்கு முன் அவரிடம் தனியாகப் பேசுங்கள். சிலருக்கு அது ஆறுதல். சிலருக்கு, முந்நூறு பேர் நடுவில் மறுபடி அதே துக்கம். பணியாளர் ஒருவரே இறந்திருந்தால் குடும்பத்தினரிடம் கேட்டு, உரையின் தொடக்கத்திலேயே பெயர் சொல்லி, அரை நிமிடம் எழுந்து நிற்கச் செய்யுங்கள். நடுவில் வைத்தால் அதற்குப் பின் வரும் எதையும் யாராலும் கேட்க முடியாது.

விசாரணையில் இருக்கும் எந்த நிகழ்வையும் தொடாதீர்கள். பாராட்டாகவே இருந்தாலும், மேடையில் சொன்ன ஒரு வரி பின்னால் யாருக்காவது எதிராகத் திரும்பக்கூடும்.

4. ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்தெடுங்கள்

கையில் இப்போது பத்துப் பதினைந்து நிகழ்வுகள் இருக்கும். புதிதாக எழுதுபவர்கள் எல்லாவற்றையும் ஒவ்வொரு வரியாகச் சேர்த்துவிடுவார்கள். அப்படிச் சேர்த்தால் ஆண்டறிக்கை மாதிரி ஒலிக்கும். ஏழு நிமிடத்தில் ஒரு காட்சிக்குத்தான் இடம் உண்டு. அதற்கு ஒன்றரை நிமிடமாவது கொடுக்க வேண்டும்.

எந்தக் காட்சி? செவிலியருக்கு மட்டுமே தெரிந்த தொழில் அறிவு வெளிப்படும் காட்சி. அந்த வெள்ள நாட்களில் நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு படியேறியதும் நடந்தது. அது கண்ணுக்குப் பெரியது. ஆனால் அதை ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் காவலாளியும் நோயாளியின் உறவினர்களும் சேர்ந்தே செய்தார்கள். பிளாஸ்டரில் நேரம் எழுதி ஒட்டியது செவிலியரின் மூளை. ஆன்டிபயாடிக் ஊசி இரண்டு முறை போடப்படக் கூடாது, இன்சுலின் விடுபடக் கூடாது என்ற பயம் அந்தக் கழுத்தளவு அவசரத்திலும் அவருக்கு இருந்தது. நன்றி சொல்ல வேண்டியது அதற்கு.

இதே காரணத்தால்தான் சில சொற்களை நான் உரையிலிருந்து எடுத்துவிடுவேன்: தேவதைகள், வெள்ளுடை, தாயுள்ளம், மாறாத புன்னகை, தியாகம். தேவதைக்குப் பணிநேரம் கிடையாது. தாய்க்குச் சம்பளம் கிடையாது. உழைப்பைக் கணக்கில் வராத ஒன்றாக ஆக்கிவிடும் சொற்கள் இவை. பின்வரிசையில் இருந்தபோது இந்தச் சொற்கள் வந்ததும் நாங்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்போம். 1820 மே 12இல் பிறந்த புளோரன்ஸ் நைட்டிங்கேலின் வாழ்க்கைக் கதையும் வேண்டாம். எதிரே இருப்பவர்கள் அதைப் படிப்பின் முதல் ஆண்டிலேயே கேட்டுவிட்டார்கள். அவர்கள் கேட்க வந்தது தங்களுடைய ஆண்டைப் பற்றி.

5. நீங்கள், நாங்கள், நாம்: யார் செய்தது என்பதைப் பிரியுங்கள்

தமிழில் "நாம்" என்றால் கேட்பவரும் சேர்த்தி. "நாங்கள்" என்றால் கேட்பவர் சேர்த்தியில்லை. இந்த வேறுபாடு உரையில் பெரிய வேலை செய்கிறது. இதைக் கவனிக்காமல் எழுதப்பட்ட உரைகள் எத்தனையோ பேரைப் புண்படுத்தியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

பொதுவான தவறு இப்படி இருக்கும்: "அந்த வெள்ளத்தை நாம் அனைவரும் ஒன்றாக நின்று சமாளித்தோம்." பேசுபவர் அந்த மூன்று நாளும் வீட்டிலிருந்து தொலைபேசியில் பேசியவர். சாலை துண்டிக்கப்பட்டதால் அவரால் வர முடியவில்லை, அது அவர் குற்றமில்லை. ஆனால் "நாம்" என்று சொன்ன கணத்தில், 60 மணி நேரம் நின்றவர்களின் உழைப்பில் அவரும் பங்கு கேட்பதாகிவிடுகிறது.

நான் பின்பற்றும் முறை எளிது. செய்த வேலைக்கு "நீங்கள்". நிர்வாகத்தின் குறைக்கும் கடமைக்கும் "நாங்கள்", அல்லது பேசுபவர் தம் பெயரில் ஏற்பதானால் "நான்". இனிச் சேர்ந்து செய்ய வேண்டியதற்கு மட்டும் "நாம்". வரைவை முடித்ததும் மூன்று நிறப் பேனாக்களால் இந்தச் சொற்களையும் அவற்றோடு சேர்ந்த வினைமுற்றுகளையும் அடிக்கோடிடுங்கள். "சமாளித்தோம்", "வென்றோம்" போன்ற வினைகளில் எழுவாய் மறைந்திருக்கும், அவற்றையும் விடாதீர்கள்.

விளிச்சொல்லிலும் கவனம் தேவை. "அன்புச் சகோதரிகளே" என்று தொடங்கினால் அரங்கில் இருக்கும் ஆண் செவிலியர்கள் முதல் சொல்லிலேயே வெளியே போய்விடுகிறார்கள். "செவிலியர்களே" என்பது எல்லாரையும் குறிக்கும். வார்டில் அன்றாடம் சிஸ்டர், பிரதர் என்று அழைப்பது வேறு. மேடைக்குப் பொதுச்சொல்லே சரி.

6. குறையை ஒப்புக்கொள்ளும் பகுதியை எழுதுங்கள்

கடினமான ஆண்டுக்குப் பிறகு வெறும் பாராட்டு எடுபடாது. அவர்களுக்கு எது கிடைக்காமல் போனது என்பது அவர்களுக்குத் தெரியும். பேசுபவருக்கும் அது தெரியும் என்று காட்டினால்தான் நன்றியை நம்புவார்கள். ஆகவே உரையின் நடுவில், காட்சிக்குப் பிறகு, ஒரு நிமிடத்துக்கு மிகாமல் இந்தப் பகுதி வர வேண்டும். முன்னால் வைத்தால் மன்னிப்புக் கடிதம் ஆகிவிடும். கடைசியில் வைத்தால் அரங்கம் கனத்த மனதோடு கலையும்.

அந்த மருத்துவமனையில் வார்டுகளில் கேட்டபோது இரண்டு மனக்குறைகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று, முதல் நாள் நோயாளிகளுக்குக் கஞ்சி ஏற்பாடானது, பணியாளர்களுக்கு உணவு பற்றி யாரும் யோசிக்கவில்லை. மற்றொன்று, 60 மணி நேரத்துக்கு ஈடான விடுப்பு மே மாதம் வரை வழங்கப்படவில்லை. இரண்டாவதை உரையில் வெறுமனே ஒப்புக்கொண்டால் போதாது, தீர்க்க வேண்டும். அதனால் உரை எழுதுவதை நிறுத்திவிட்டு முதலில் நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனேன். ஈட்டு விடுப்பை ஆகஸ்ட் மாதத்துக்குள் பகுதி பகுதியாக எடுத்துக்கொள்ளலாம் என்ற சுற்றறிக்கை மே 10ஆம் தேதி கையெழுத்தானது. அதன் பிறகே அந்த வரியை எழுதினேன்.

இதில் விலக்கில்லாத விதி ஒன்று உண்டு: கையெழுத்தாகாத எதையும் மேடையில் வாக்குறுதியாகச் சொல்லக் கூடாது. "பரிசீலிக்கப்படும்", "ஆவன செய்யப்படும்" என்ற சொற்கள் வந்தால் அந்த வரி முழுவதையும் நீக்குங்கள். அடுத்த மே மாதம் அதே முகங்கள் அதே வரிசையில் அமர்ந்திருக்கும்.

நிர்வாகம் எதற்கும் சம்மதிக்காமலும் போகலாம். அப்போது குறையை மட்டுமாவது சொல்ல அனுமதி கேளுங்கள்: "முதல் நாள் உங்களுக்கு உணவு வந்து சேரவில்லை. அது எங்கள் தவறு." அதற்கும் இடமில்லை என்றால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு உரையைச் சுருக்குங்கள். குறையிருந்த இடத்தைப் புகழ்ச்சியால் நிரப்பக் கூடாது. "பசியையும் பொருட்படுத்தாமல்" என்று எழுதுவது அப்படிப்பட்ட நிரப்பல்தான். உணவு தராததைப் பெறுபவரின் பெருந்தன்மையாக மாற்றிவிடுகிறது.

7. யார் பெயரும் விடுபடாத வழி

ஓராண்டு நான் எழுதிய உரையில் எல்லாத் துறைகளையும் வரிசையாகச் சொல்லி நன்றி கூறும் பத்தி ஒன்று இருந்தது. டயாலிசிஸ் பிரிவு விடுபட்டுவிட்டது. அங்கே நான்கே பேர். நிகழ்ச்சி முடிந்து அவர்களில் ஒருவர் என்னிடம் வந்து எதுவும் சொல்லாமல் நின்றார். அவர் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அதிலிருந்து இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறேன். பட்டியல் என்றால் முழுப் பட்டியல்: நினைவிலிருந்து அல்லாமல், செவிலியர் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் அந்த மாதப் பணிப் பட்டியலிலிருந்து துறைகளை எடுத்து, இரண்டாம் ஆளிடம் கொடுத்துச் சரிபார்ப்பது. அல்லது பட்டியலே இல்லாமல், பணிநேரத்தால் பிரித்துச் சொல்வது: காலைப் பணி, மாலைப் பணி, இரவுப் பணி. மருத்துவமனையில் உள்ள ஒவ்வொரு செவிலியரும் இந்த மூன்றில் எதிலோ இருக்கிறார். இரண்டாவது வழி குறைந்த நேரம் எடுக்கும், யாரையும் விடாது. நான் பெரும்பாலும் அதையே தேர்ந்தெடுக்கிறேன்.

எந்த வழியானாலும் ஒப்பந்தச் செவிலியர்கள், செவிலிய உதவியாளர்கள், பயிற்சி மாணவர்கள், அறுவை அரங்கத்தில் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்பவர்கள் ஆகியோரைத் தனியாக எண்ணிப் பாருங்கள். நிரந்தரப் பணியாளர் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. வெள்ள நாளில் அவர்களும் அதே தண்ணீரில்தான் நின்றார்கள்.

8. இப்போது எழுதுங்கள்

இவ்வளவும் கையில் இருந்தால் எழுதுவதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். நான் எழுதும் வரிசை, பேசும் வரிசையிலிருந்து வேறுபட்டது. முதலில் காட்சி, பிறகு குறையும் தீர்வும், பிறகு முடிவு, கடைசியில் தொடக்கம். தொடக்கத்தை முதலில் எழுதினால் மேடை மொழி தானாக வந்து உட்கார்ந்துகொண்டு மற்றப் பகுதிகளையும் இழுத்துவிடும்.

மேடையில் இருப்பவர்களை விளிப்பதற்கு ஒரே வாக்கியம் போதும். தொகுப்பாளரும் வரவேற்புரையாளரும் எல்லாப் பெயர்களையும் பட்டங்களோடு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். மறுபடி சொன்னால் ஏழு நிமிடத்தில் இரண்டு போய்விடும். தலைவருக்கு இதில் மனக்குறை வரும் என்று அஞ்சினால் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். நான் கேட்ட எவரும் மறுத்ததில்லை.

அந்த உரையின் தொடக்கம் இப்படி அமைந்தது:

"மேடையில் உள்ள பெரியவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம். இந்த நேரத்தில் மாலைப் பணியில் இருப்பதால் இங்கே வர முடியாதவர்களுக்கும் என் வணக்கம். நான் இன்று பேசப்போவது ஒரு சிறிய பிளாஸ்டர் துண்டைப் பற்றி."

காட்சிப் பகுதியில் அடைமொழிகளைத் தவிர்த்து, நடந்ததை நடந்த வரிசையில் சொன்னோம்:

"டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை இரவு. தரைத்தளத்தில் தண்ணீர். ஆண்கள் பொது வார்டில் 22 நோயாளிகள். லிப்ட் இல்லை. அந்த வார்டில் இருந்த செவிலியர் இருவரில் ஒருவர் கேஸ் ஷீட்டைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. பிளாஸ்டரைக் கிழித்தார். என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று எழுதினார். நோயாளியின் சட்டையில் ஒட்டினார். மற்றவர் வரிசைப்படி மாடிக்கு அனுப்பினார். மேலே வந்து சேர்ந்த 22 பேரில் ஒருவருக்குக்கூட மருந்து விடுபடவில்லை. ஒருவருக்குக்கூட இரண்டு முறை போடப்படவில்லை. இதை எந்தச் சுற்றறிக்கையும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நீங்கள் கற்ற தொழில் சொல்லித் தந்தது. அதற்கு நன்றி."

"ஒருவருக்குக்கூட விடுபடவில்லை" என்ற வரியை எழுதும் முன் ரிப்போர்ட் புத்தகத்தில் 22 பேரின் பதிவையும் பார்த்தேன். பார்க்க முடியாதிருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டேன்.

"நன்றியைத் தெரிவித்துக்கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்" என்ற நீண்ட வாய்பாடு வேண்டாம். "அதற்கு நன்றி" என்ற இரண்டு சொற்கள் போதும். எதற்கு என்பது அதற்கு முன்பே வந்துவிட வேண்டும் என்பதுதான் முக்கியம்.

குறையும் தீர்வும்:

"அந்த முதல் நாள் உங்களுக்கு உணவு வரவில்லை. அதை ஏற்பாடு செய்ய வேண்டியவர்கள் நாங்கள், செய்யவில்லை. அந்த 60 மணி நேரத்துக்கான விடுப்பும் உங்களுக்கு ஐந்து மாதம் தாமதமானது. அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். மே 10ஆம் தேதி அதற்கான சுற்றறிக்கை வெளியாகிவிட்டது. விண்ணப்பத்தை உங்கள் வார்டுப் பொறுப்பாளரிடம் கொடுத்தால் போதும்."

9. சத்தமாக வாசித்துத் திருத்துங்கள்

பேசப்போகிறவரே, நின்றுகொண்டு, கடிகாரத்தை வைத்து இரண்டு முறை வாசிக்க வேண்டும். மூச்சு வாங்கும் வாக்கியங்களை உடைத்துவிடுங்கள். "செய்து, முடித்து, விட்டு" என்று வினையெச்சங்களை அடுக்கிக் கட்டிய வாக்கியம் தாளில் அழகாக இருக்கும். ஒலிபெருக்கியில் அதன் முடிவு வருவதற்குள் தொடக்கம் மறந்துவிடும்.

பிறகு, வார்டில் பணிபுரியும் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அலுவலகத்தில் இருப்பவர் போதாது. எங்கள் வரைவில் முதலில் "நோயாளியின் கையில் ஒட்டினார்" என்றிருந்தது. கேட்ட செவிலியர் உடனே சொன்னார்: "கையில் டிரிப் ஊசி இருக்கும், ஈரமும் இருந்தது, சட்டையில்தான் ஒட்டினோம்." அந்த ஒரு சொல் தவறாக இருந்திருந்தால், அங்கே இருந்தவர்களுக்குக் கதை முழுவதும் இரவல் கதையாகப் பட்டிருக்கும்.

தாளில் 18 அளவு எழுத்து, ஒரு பக்கம் மட்டும் அச்சு, பக்க எண், பக்க முடிவில் வாக்கியம் உடையாமல் இருப்பது ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர்கள் வந்தால் அவற்றை எப்படி அழைப்பார்கள் என்று உரியவரிடமே கேட்டு, ஒலிக்கிறபடி எழுதி வையுங்கள்.

இன்னொன்று, பலர் மேடையில்தான் கண்டுபிடிப்பார்கள்: மெழுகுவர்த்தி உறுதிமொழிக்காக அரங்க விளக்குகளை அணைப்பார்கள். உரை அதற்கு அடுத்து வருவதால், விளக்கு முழுவதும் போடப்படும் முன்பே பேசுபவரை அழைத்துவிடுவார்கள். தாள் தெரியாது. எப்போது விளக்கு போட வேண்டும் என்பதை ஒலி, ஒளி பார்ப்பவரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள். முதல் நான்கு வரிகளையாவது பேசுபவர் மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.

10. அரங்குக்கு வர முடியாதவர்களிடம் கொண்டு சேருங்கள்

செவிலியர் தினத்தன்றும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பிரசவ வார்டிலும் யாராவது நின்றுகொண்டுதான் இருப்பார்கள். அவர்களுக்குக் கேக் துண்டு மட்டும் காகிதத் தட்டில் போய்ச் சேருவது வழக்கம். பேசியவரே அன்று மாலை அவர்களிடம் போக வேண்டும். முழு உரையும் வேண்டியதில்லை. காட்சியையும் விடுப்புச் செய்தியையும் இரண்டு நிமிடத்தில், ஒலிபெருக்கி இல்லாமல், செவிலியர் மேசை அருகே நின்று சொன்னால் போதும். நோயாளிகள் கேட்கும் தொலைவு என்பதால் குறைகளைப் பற்றிய பகுதியை அங்கே வாசிக்காமல், பணியாளர் அறையில் சொல்லுங்கள்.

இரவுப் பணிக்கு வருபவர்களுக்காக 7.30 மணி ஒப்படைப்பு முடிந்த பின் இன்னொரு சுற்றுப் போக வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தில் அந்த மருத்துவக் கண்காணிப்பாளர் எட்டேகாலுக்கு ஆண்கள் பொது வார்டுக்குப் போனார். பிளாஸ்டர் ஒட்டியவர் அன்று இரவுப் பணியில் இருந்தார். மதியம் விழாவுக்கு அவர் வரவில்லை, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.